சும்மா இருந்தவரின் எடை

மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசலில் நிற்கும் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் டயட் மேடம்தான். எக்ஸ்ரே அறையைத் தாண்டி நடைபாதையின் கோடியில் அவள் அறை. ஒரு மேஜை, எடை பார்க்கும் மெஷின், அலமாரியில் பிளாஸ்டிக்கில் செய்த ரொட்டி, முட்டை, மீன் துண்டு. எந்த அளவு சாப்பிட வேண்டும் என்று காட்டுவதற்கு வைத்தவை. எந்தக் குழந்தையோ நிஜம் என்று நினைத்துக் கடித்ததில் மீனின் மேல் பல் பதிந்திருந்தது.

"தண்ணி குடிச்சாக்கூட உடம்பு ஏறுது மேடம்" என்று ஒரு நாளைக்கு ஒருவராவது வந்து உட்காருவார்கள். அவள் முகம் கோணாமல் கேட்டுக்கொள்வாள். யாரையும் பொய்யர் என்று அவள் நினைத்ததில்லை. மறதி என்பாள். சமைக்கும்போது ருசி பார்த்த கரண்டி, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த பாதி முட்டை, அலுவலகத்தில் யாரோ நீட்டிய கேக், இதெல்லாம் யாருக்கும் சாப்பாடாக ஞாபகத்தில் நிற்காது. "வாய் மறந்துடும், இடுப்பு மறக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவர்களும் அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். துருவித் துருவிக் கேட்டால் கடைசியில் ஏதாவது ஒரு பிஸ்கட் பொட்டலம் வெளியே வரும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அப்படித்தான் வந்தது. மீதி இரண்டு பேரைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததில்லை.

அவள் அப்பாவுக்குப் பம்பரம் என்று பெயர். அம்மா வைத்த பெயர். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து இறங்கியும் கால் ஓயவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். பேப்பர் படிக்கும்போதே நாலு தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருவார். போனில் பேசினால் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே பேசுவார். "நின்னு ஒரு வார்த்தை பேசுங்களேன், எனக்குக் கழுத்து வலிக்குது" என்று அம்மா கத்துவாள். அள்ளி அள்ளிச் சாப்பிடுவார், ஆனால் சட்டை தோளில் தொங்கும். "சோறெல்லாம் எங்கதான் போகுதோ" என்று சொந்தக்காரர்கள் கண் வைப்பார்கள்.

பிறகு அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சு குழறியது, ஆனால் "ஏங்க" என்ற ஒரு சொல் மட்டும் பழுதில்லாமல் மிஞ்சியது. "ஏங்க" என்றால் தண்ணீர். "ஏங்க" என்றால் தலையணை. "ஏங்க" என்றால் சன்னலைச் சாத்து, சன்னலைத் திற, ஈ உட்கார்ந்திருக்கிறது, ஒன்றுமில்லை சும்மாதான் கூப்பிட்டேன். மூன்று வருடம் அவர் அந்தக் குரலுக்கு எழுந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க அவளைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார். துணி அலசினார், கஞ்சி கரைத்தார், ஒரு ரப்பர் பந்தை அவள் கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். ஆள் வைக்கலாம் என்று மகள் எத்தனையோ தடவை சொன்னாள். "எனக்கு வேற என்ன வேலை" என்று வாயை அடைத்துவிட்டார்.

அம்மா போன மாதமே மகள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் ஐந்தாவது தளம். அவளும் கணவனும்தான். அப்பாவுக்குத் தனி அறை, நல்ல கட்டில், சாய்வு நாற்காலி, டிவி. இத்தனை வருடம் உழைத்து ஓய்ந்த மனுஷன், இனிமேலாவது உட்காரட்டும் என்று அவளுக்கு ஆசை. அது பாவனை இல்லை. அவர் தம்ளரைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். துணி மடிக்க எடுத்தால், "வேலைக்காரம்மா வருவாங்க, நீங்க உக்காருங்கப்பா." கடைக்குக் கிளம்பினால், "போன்ல சொன்னா வீட்டுக்கே கொண்டு வந்துடுவாங்க, நீங்க உக்காருங்கப்பா." தண்ணீர் வேண்டுமென்றாலும் கைக்கெட்டும் தூரத்தில் பாட்டில் இருந்தது. அவர் மறுப்புச் சொல்லவில்லை. உட்கார்ந்தார்.

எட்டாவது மாதத்தில் சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்தது. மெஷினில் ஏற்றினாள். முள் ஓடிய இடத்தைப் பார்த்து முதலில் மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள். தான் ஏறிப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. தைராய்டு பார்த்தார்கள், பழுதில்லை. காலில் நீர் கோத்திருக்கிறதா என்று டாக்டர் அழுத்திப் பார்த்தார், அதுவுமில்லை.

"நீங்களே டயட் பாக்கறவங்க. வீட்லயே இப்படின்னா?" என்று டாக்டர் சிரித்தார். வேடிக்கையாகச் சொன்னதுதான். அவளுக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து அப்பாவின் தட்டு அவள் கைக்குப் போனது. சோறு தராசில் ஏறியது. எண்ணெய் கரண்டியில் அளந்து ஊற்றப்பட்டது. பருப்பும் முட்டையும் கூடின. புரதம் செரிக்க உடம்பு கூடுதலாகச் செலவழிக்கும், கொழுப்புக்கும் சோற்றுக்கும் அவ்வளவு ஆகாது என்பது அவளுக்குத் தெரிந்த பாடம். காலையில் கட்டாயம் அரைமணி நேர நடை. அம்மா இருந்த காலத்தில் அவர் நடைப்பயிற்சி என்று ஒரு நாளும் போனதில்லை. இப்போது கீழே பூங்காவைச் சுற்றி ஒழுங்காக நடந்துவிட்டு வந்தார். வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

எடை இன்னும் கொஞ்சம் ஏறியது. அவள் அளவைக் குறைத்தாள். ஏறுவது நின்றது, ஆனால் இறங்கவில்லை. மேலும் குறைத்தாள். கொஞ்சம் இறங்கிவிட்டு, அங்கேயே பிடிவாதமாக நின்றுகொண்டது. அப்பாவுக்கு மதியத்திலேயே தூக்கம் வந்தது. மின்விசிறி சுற்றினால் குளிர்கிறது என்றார். அவள் காகிதத்தில் கணக்குப் போட்டாள். இந்த வயது, இந்த உயரம், இந்த எடை, படுத்தே கிடந்தாலும் இதயத்துக்கும் மூளைக்கும் ஈரலுக்கும் இவ்வளவு போகும். செரிமானத்துக்கு ஒரு பங்கு. நடைக்கு ஒரு பங்கு. நடமாடும் மனுஷனுக்கு இத்தனை மடங்கு என்று பாடப்புத்தகம் சொல்லும் பெருக்கல். எப்படிப் போட்டாலும் இந்தச் சாப்பாட்டுக்கு எடை மளமளவென்று இறங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் வேறு எங்கேயோ சாப்பிடுகிறார். பத்தில் எட்டு.

"நடக்கும்போது வழியில எதாவது வாங்கிச் சாப்பிடறீங்களாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இல்லம்மா."

"டீ?"

"இல்லம்மா."

"சக்கரை போட்டு ஒரு டீ குடிச்சிருந்தாலும் பரவாயில்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்."

"குடிக்கலம்மா." அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம், அவர் நடைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் அவருடைய அறைக்குள் போனாள். அலமாரியில் மடித்து வைத்த வேட்டிகளுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். தலையணை உறைக்குள் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் பெட்டியை இழுத்தாள். பெட்டி பூட்டியிருந்தது. பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"என்னம்மா தேடற?"

அவள் எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் குனிந்து திறந்தார். வயிறு இடித்தது, மூச்சு வாங்கியது. உள்ளே அம்மாவின் இரண்டு நைட்டி. அந்த ரப்பர் பந்து. மாத்திரைகளை வேளைக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, காலியாக. அவ்வளவுதான். பிறகு அவர் தன் சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். ஓட்டலில் திருடியதாகப் பிடிபட்ட ஆள் மாதிரி, இரண்டு பக்கமும்.

"அப்பா, போதும்ப்பா."

"பாத்துக்கோம்மா. உனக்கு நிம்மதியாகும்."

"அப்புறம் எப்படிப்பா இறங்காம இருக்கும்?" அவள் குரல் அவளையும் மீறி ஏறிவிட்டது. "எனக்குக் கணக்கு தெரியும்ப்பா. இந்தச் சாப்பாட்டுக்கு யாருக்கும் இறங்கும். நான் சாப்பிட வேணாம்னு சொல்லல. எங்கிட்ட மறைக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக்கூட லேசாக இருந்திருக்கும்.

"உங்கம்மாவுக்குக் கொடுக்கறதுக்கு முன்னால ஒரு வாய் நான் சாப்பிட்டதில்ல" என்றார் மெதுவாக. "திருடித் திங்கற வயசா எனக்கு? நம்பிக்கை இல்லன்னா என்னை ஒரு ரூம்ல பூட்டி வச்சிப் பாரு."

அவர் மனம் நொந்து சொன்ன வார்த்தை அது. ஆனால் அவளுக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்காக அவள் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள். நிஜமாகவே அப்படி ஓர் அறை இருந்தது.

அவளோடு படித்த தோழி ஒருத்தி, ஒல்லி என்று வகுப்பில் பெயர் வாங்கியவள், ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். இப்போது ஒல்லியாக இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே சின்னப் படுக்கையறை அளவில் ஓர் அறை. கதவைச் சாத்தினால் காற்று கசியாது. ஒரு குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும், இன்னொரு குழாய் வழியாக வெளியேறும். உள்ளே இருப்பவர் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டார், எவ்வளவு கரியமிலவாயுவை விட்டார் என்று வெளியே இருக்கும் கருவிகள் நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும். அதை வைத்து உடம்பு எத்தனை கலோரி எரித்தது என்று கண்டுபிடித்துவிடலாம். யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மூச்சே சொல்லிவிடும்.

"ஒரு நாள் முழுக்க உள்ள இருக்கணும். வீட்ல கொடுக்கற அதே சாப்பாட்டைக் கொண்டா" என்றாள் ஒல்லி. "அவருக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம்தான்" என்றாள் மகள். கேட்டபோது அவர், "சரிம்மா" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

அறையில் ஒரு கட்டில், மேஜை, நாற்காலி, டிவி, மறைப்புக்குப் பின்னால் கழிப்பறை. ஒரு பக்கம் தடித்த கண்ணாடி. சாப்பாடு தர இரட்டைக் கதவு வைத்த ஒரு சின்னப் பெட்டி. வெளிக்கதவைத் திறந்து தட்டை வைத்துச் சாத்தினால்தான் உள்கதவைத் திறக்க முடியும். கூரையில் அசைவைப் பார்க்கும் கருவி. ஒல்லி அவருக்கு எல்லாம் விளக்கினாள். "பயமா இருந்தா இந்தப் பொத்தானை அமுக்குங்கப்பா, உடனே திறந்துடுவோம். பிடிச்சபடி இருங்க. நடக்கலாம், படிக்கலாம், என்ன வேணா செய்யலாம்."

"சரிம்மா. சும்மா இருந்தா போதும்தானே?"

"வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படி."

கதவு மூடும்போது ரப்பர் பொருந்தும் சத்தம் வந்தது. அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார். பஸ் கிளம்பும்போது இறங்கி நிற்பவர்களைப் பார்த்துத் தூக்குகிற மாதிரி.

மறுநாள் அவள் போனபோது ஒல்லி திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் முழுவதும் ஒரே கோடாக நீண்டிருந்தது.

"முதல்ல இதைச் சொல்லிடறேன்" என்றாள் ஒல்லி. "உங்கப்பா பொய் சொல்லல. நீ கொடுத்த சாப்பாடும் அவர் எரிச்சதும் கிட்டத்தட்டச் சரியா இருக்கு. அதான் எடை அங்கேயே நிக்குது. இவர் வெளிய ஒளிஞ்சு தின்னிருந்தா, இந்தக் கணக்குக்கு எடை ஏறியிருக்கணும்."

மகள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது தூக்கம். இது முழிச்சிட்டுப் படுத்திருந்தது. அவர் வயசுக்கும் உடம்புக்கும் எவ்வளவு ஆகணுமோ அவ்வளவு ஆகியிருக்கு, இதுல குறையே இல்ல." ஒல்லியின் விரல் கோட்டின் மேல் நகர்ந்தது. "இந்த மூணு மேடும் சாப்பாடு. சாப்பிட்டதும் ஏறி, மூணு நாலு மணி நேரத்துல மெல்ல இறங்குது பாரு. அடுப்பு ஒழுங்கா எரியுது. ஆனா மேடு சின்னது. நீ சாப்பாட்டைக் குறைச்சா செரிக்க ஆகற செலவும் குறையும். உனக்குத் தெரியாததில்ல."

"அப்ப எங்க குறையுது?"

ஒல்லி கீழே இன்னொரு கோட்டைக் கொண்டு வந்தாள். "இது அசைவு. இங்க வர்றவங்க யாரும் சும்மா இருக்க மாட்டாங்க. இவ்வளவு சின்ன ரூமா இருந்தாலும் எந்திரிப்பாங்க, கண்ணாடி பாப்பாங்க, காலை ஆட்டுவாங்க, கட்டில்ல உக்காந்து நாற்காலிக்கு மாறுவாங்க. கோடு முள்ளு முள்ளா இருக்கும். ஒரே உயரம், ஒரே எடை உள்ள ரெண்டு பேருக்கு நடுவுல இந்த அல்லாட்டத்துலயே நூத்துக்கணக்கான கலோரி வித்தியாசம் வரும். உடற்பயிற்சியே இல்ல, சும்மா நோண்டிட்டு இருக்கறது. உங்கப்பாவுக்குப் பாரு."

கோடு படுத்திருந்தது. அங்கங்கே ஒரு முள். கழிப்பறை. சாப்பாட்டுப் பெட்டி. மறுபடி நீளமாக, கரை தெரியாத தண்ணீர் மாதிரி.

"காலையில அரைமணி நடக்கறார்" என்றாள் மகள்.

"நடக்கட்டும், நல்லதுதான். ஆனா அரைமணி நேரத்துல சேர்த்ததை மீதி நாள் முழுக்க விட்டுடறாரே. சாப்பாடு குறைஞ்சா உடம்பு இன்னும் இறுக்கிப் பிடிக்கும், இன்னும் கம்மியா அசையும். அவர் வேணும்னு செய்யறதில்ல." ஒல்லி திரும்பிப் பார்த்தாள். "முன்னாடியும் இப்படித்தான் இருப்பாரா? அமைதியான டைப்பா?"

மகள் கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தொடை மேல். முழங்கால் ஆடவில்லை. அவருடைய முழங்கால் ஆடாமல் இருப்பதை அவள் இத்தனை மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் கவனித்ததில்லை.

"பம்பரம்னு கூப்பிடுவாங்க" என்றாள்.

ஒல்லி அவள் அழுது முடிக்கும் வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா போனது அவளுக்கும் தெரியும். "மனசுக்குன்னு ஒரு டாக்டரைப் பாரு. சாப்பாட்டைப் பழைய அளவுக்குக் கிட்டக் கொண்டு போ, மனுஷனைப் பட்டினி போடாத. மீதியை அப்புறம் யோசிப்போம்" என்றாள்.

கதவைத் திறந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சரியா இருந்தேனாம்மா?"

"சரியா இருந்தீங்கப்பா." காருக்குப் போகும் வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதுவும் மறைக்கல. நான்தான்... என்னை மன்னிச்சுடுங்கப்பா."

"அட, விடும்மா. மெஷினுக்குத் தெரிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். அவளுக்கு அது வசவைவிட மோசமாக உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினாள். வேலைக்காரம்மாவை ஒரு வேளைக்கு மட்டும் வரச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சமையலறையில் வைத்தாள். துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, காய் நறுக்குவது எல்லாம் அப்பாவுக்கு. அவர் தட்டாமல் செய்தார். துணியை ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கினார். செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். முடித்ததும் வந்து உட்கார்ந்தார். விசில் கேட்காமல் பஸ்ஸை எடுக்காத டிரைவர் போல, அடுத்து ஒருவர் சொல்லும் வரை அப்படியே இருந்தார்.

மனநல டாக்டர் பொறுமையாகப் பேசினார். வாராவாரம் வரச் சொன்னார். துக்கம் வடியக் காலம் ஆகும் என்றார். அப்பா அவரிடமும், "சரிங்க" என்றார்.

ஒரு சாயங்காலம் மகள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "உக்காந்திருக்கும்போது கால லேசா ஆட்டிக்கிட்டே இருங்கப்பா. அதுவே உடம்புக்கு நல்லது. முன்ன ஆட்டுவீங்கல்ல."

அவர் ஆட்டிப் பார்த்தார். பரீட்சையில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிற மாதிரி கொஞ்ச நேரம் வலது முழங்கால் ஏறி இறங்கியது. பிறகு நின்றது.

"நெனச்சு ஆட்ட முடியலம்மா" என்றார். "அப்ப நான் எங்க ஆட்டினேன்? அது தானா ஆடிச்சு. எப்ப கூப்பிடுவாளோன்னு காது அங்கேயே இருக்கும். பாதி எந்திரிச்ச மாதிரியேதான் உக்காந்திருப்பேன். இங்க யாரும் கூப்பிடறதில்ல."

"நான் கூப்பிடறேனேப்பா."

"நீ கூப்பிடறது எனக்காகக் கூப்பிடற." கையால் முழங்காலைத் தடவிவிட்டு, "நான் வீட்டுக்குப் போகட்டுமாம்மா?" என்றார்.

அவள் ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. தனியாக விழுந்துவிட்டால் யார் பார்ப்பது, சர்க்கரை மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது என்று சண்டை போட்டாள், அழுதாள், கணவனையும் அவரிடம் பேசச் சொன்னாள். "அவரை இங்க வச்சு நீதான் நிம்மதியா இருக்கப் பாக்கற" என்று கணவன் சொன்னதில் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. கடைசியில் அவளே பெட்டியைக் காரில் ஏற்றினாள்.

ஒவ்வொரு ஞாயிறும் போனாள். கூட ஒரு எடை மெஷினும் போனது. முதல் மாதம் பெரிய மாற்றமில்லை. அப்புறம் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. அவர் நடைப்பயிற்சியை விட்டுவிட்டார். அதைக் கேட்டு அவள் திட்டப் போனாள், மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். சாப்பாடு பழைய அளவுக்கே வந்திருந்தது, சில நாள் கூடவும் சாப்பிட்டார். ஆனாலும் சட்டை தளர்ந்தது. சர்க்கரை இறங்கியது. டாக்டர் முடிவுகளைப் புரட்டிப் பார்த்து, "பிரமாதம், என்ன மாயம் பண்ணீங்க?" என்றார். அவள் சிரித்து வைத்தாள். வீடு அவருக்கு ஒத்துக்கொண்டது, மனசு ஆறுகிறது என்றுதான் அவளும் நம்பினாள்.

ஒரு புதன்கிழமை மதியம், அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் ஏதோ கூட்டம் சீக்கிரம் முடிந்ததால், சொல்லாமல் போய் நின்றாள். வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் நெஞ்சு நிறைந்துபோய்க் கூப்பிட வாயெடுத்தாள்.

அப்போது அவர் பேப்பரைப் போட்டுவிட்டு விருட்டென்று எழுந்தார். "இதோ வரேன்" என்றார், வீட்டின் உள்பக்கம் பார்த்து. வேகமாக நடந்து அம்மாவின் அறை வாசல் வரை போனார். நிலைப்படியில் கையை வைத்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு உள்ளே போனார். சன்னல் கொக்கி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து பேப்பரை எடுத்தவர், ஒரு பக்கம் திருப்புவதற்குள் மறுபடி தலையை நிமிர்த்திக் காது கொடுத்தார்.

"அப்பா" என்றாள்.

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா இப்படி?" அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யார் எண்ணினா? புரட்டிப் படுக்க வைக்கற நேரம் வந்துடுச்சுன்னு கால் எந்திரிச்சுடுது. பாதி வழியில ஞாபகம் வந்துடும்."

"ஞாபகம் வந்தா?"

"சும்மா போயிட்டு எப்படித் திரும்பறது? சன்னல் சாத்தியிருந்தா தொறப்பேன். தொறந்திருந்தா சாத்துவேன். போர்வையைத் தட்டிப் போடுவேன்." அவர் சிரிக்க முயன்றார். "பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைக்காதம்மா. அவ இல்லன்னு தெரியும். காலுக்குத்தான் இன்னும் சொல்லல."

குறைந்த ஒவ்வொரு கிலோவும் எங்கே போனது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. கூடத்திலிருந்து அந்த அறை வரை, அந்த அறையிலிருந்து கூடம் வரை. இந்த ஆறு மாதமாக எண்ணைப் பார்த்து அவள்தான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"திரும்ப எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பா" என்று சொல்ல நினைத்தாள். அங்கே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. எது அவருக்கு நல்லது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் படித்த படிப்பில் அதற்கு விடை இல்லை.

"மனசு டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னேன். அவசரப்படாதீங்கன்னார்." அவர் அவள் தலையைத் தடவினார். "அங்க இருந்தப்ப ஒண்ணுமே தெரியலம்மா. மரக்கட்டையா இருந்தேன். இங்க வலிக்குது. வலிச்சா வலிக்கட்டும்."

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். அவர் இடையில் மூன்று நான்கு தடவை எழுந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் கையை நீட்டி உட்கார வைக்கத் துடித்தாள், வைக்கவில்லை. கடைசித் தடவை அவளும் கூடவே எழுந்து போனாள். கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. ஆனாலும் அவர் ஒரு முனையைப் பிடித்து உதறினார். அவள் மறு முனையைப் பிடித்தாள். இருவரும் அதை விரித்து, நாலு பக்கமும் இழுத்து, மெத்தைக்கு அடியில் செருகினார்கள்.

"உங்கம்மா இந்தப் பக்கம்தான் படுப்பா" என்றார் அவர், அவளுக்குத் தெரியாது என்பது போல.

"ஆமாப்பா" என்றாள்.